வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை எவ்வளவு இறங்கும்?

2020 ஜூன் மாதக் கடைசியில் ஆஸ்திரிய அரசு 200 கோடி யூரோ கடன் வாங்கியது. திருப்பித் தருவதாக அது சொன்ன வருடம் 2120. நூறு வருடக் கடன் பத்திரம். முகமதிப்பு 100 யூரோ என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு வெறும் 85 சென்ட் வட்டி. அதாவது 0.85 சதவீதம். அப்போது ஐரோப்பிய மத்திய வங்கி, தன்னிடம் பணம் போட்டுவைக்கும் வங்கிகளுக்கு வட்டி கொடுப்பதற்குப் பதிலாக அவர்களிடமே அரை சதவீதம் வசூலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் 0.85 சதவீதம்கூட நல்ல வட்டியாகத் தெரிந்தது. வெளியிட்ட தொகையைப் போலப் பல மடங்குக்கு ஆர்டர் வந்து குவிந்தது.

இரண்டு வருடத்தில் நிலைமை தலைகீழானது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 2022 ஜூலையில் அந்த மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 செப்டம்பரில் 4 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. நூறு வருடப் பத்திரத்தின் விலையோ 2022-லேயே முகமதிப்பில் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆஸ்திரியா ஒரு தவணைகூடத் தவறவில்லை. அந்த அரசு திவாலாகும் என்று யாரும் பயப்படவும் இல்லை. வட்டி ஏறியது, விலை இறங்கியது, அவ்வளவுதான்.

பத்திரங்களை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய கேள்வி இதுதான்: வட்டி இவ்வளவு ஏறினால் என் பத்திரத்தின் விலை எவ்வளவு இறங்கும்? இதற்குச் சந்தையில் எல்லோரும் சொல்லும் பதில் டியூரேஷன். சின்ன மாற்றங்களுக்கு அது அருமையான பதில். வட்டி பெரிதாக நகர்ந்தால் அது தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்வதற்கான திருத்தம்தான் கான்வெக்ஸிட்டி. நூறு வருடப் பத்திரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தத் திருத்தம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலைவாரும் என்ற இரண்டையும் இது ஒரே இடத்தில் காட்டிவிடுகிறது.

முதலில் விலை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பத்திரம் என்பது எதிர்காலத்தில் வரப்போகும் தொகைகளின் வரிசை. ஆஸ்திரியப் பத்திரத்தில் நூறு முறை 85 சென்ட், கடைசி வருடம் அதோடு சேர்த்து 100 யூரோ. இன்று சந்தை எதிர்பார்க்கும் வட்டிக்கு ஈல்டு என்று பெயர். அந்த ஈல்டால் ஒவ்வொரு தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கூட்டினால் விலை கிடைக்கும். வெளியான அன்று ஈல்டு 0.88 சதவீதம். விலை 98 யூரோவும் ஒரு சென்ட்டும். இதை நீங்களே எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம்:

```
=PV(0.0088, 100, -0.85, -100)
```

0.0088 என்பது ஈல்டு. 100 என்பது வருடங்கள். அடுத்தது வருடாந்தர வட்டி, கடைசியில் திரும்பி வரும் அசல். இந்த ஒரு வரியில் ஈல்டை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் இந்தக் கட்டுரையில் வரும் ஆஸ்திரியப் பத்திரத்தின் உண்மை விலைகள் எல்லாம் கிடைத்துவிடும்.

டியூரேஷனுக்கு வருவோம். 1938-ல் பொருளியலாளர் ஃபிரெடரிக் மெக்காலே முன்வைத்த அளவு அது. பத்திரம் முதிர எத்தனை வருடம் என்பது மட்டும் போதாது, பணம் சராசரியாக எப்போது கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். அந்தச் சராசரியில் சிறு மாற்றம் செய்தால் கிடைப்பதுதான் இன்று எல்லோரும் பயன்படுத்தும் மாடிஃபைடு டியூரேஷன். அதன் பொருள் எளிது. டியூரேஷன் 5 என்றால், ஈல்டு 1 சதவீதம் ஏறும்போது விலை சுமார் 5 சதவீதம் இறங்கும். ஈல்டு இறங்கினால் விலை அதே அளவு ஏறும்.

நம் ஆஸ்திரியப் பத்திரத்தின் டியூரேஷன் 66.8. நூறு வருடப் பத்திரம், வட்டியோ சொற்பம். வரவேண்டிய மதிப்பில் பெரும்பகுதி வெகு தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய எண்.

இப்போது ஈல்டு 1 சதவீதம் ஏறி 1.88 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூரேஷன் கணக்குப்படி விலை 66.8 சதவீதம் விழ வேண்டும். 98.01 யூரோ 32.5 யூரோ ஆக வேண்டும். எக்செல்லில் 0.0088 இருக்கும் இடத்தில் 0.0188 போட்டால் வருவது 53.72. டியூரேஷன் சொன்ன நஷ்டம் 65 யூரோவுக்கு மேல். உண்மையான நஷ்டம் 44 யூரோ சொச்சம்.

2 சதவீதம் ஏறினால்? டியூரேஷன்படி 133.6 சதவீத வீழ்ச்சி. விலை சைபருக்கும் கீழே போகிறது. பத்திரத்தை வாங்கிக்கொள்பவருக்கு நாம் மேலே காசு கொடுக்க வேண்டும் என்று ஆகிறது. வருடாவருடம் வட்டியும் கடைசியில் 100 யூரோவும் தரப்போகிற ஒரு பத்திரத்துக்கு அப்படி ஒரு விலை சாத்தியமே இல்லை. உண்மை விலை 33.63 யூரோ.

ஏன் இப்படி? டியூரேஷன் என்பது 0.88 சதவீதத்தில் நின்றுகொண்டு எடுத்த அளவு. ஈல்டு நகர நகர டியூரேஷனே மாறும் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. ஈல்டு ஏறும்போது தூரத்தில் இருக்கும் தொகைகளின் இன்றைய மதிப்புதான் அதிகமாகக் கரைகிறது. 2120-ல் வரப்போகும் 100 யூரோவுக்கு 0.88 சதவீத ஈல்டில் இன்றைய மதிப்பு 41.6 யூரோ. 2.88 சதவீதத்தில் அது 6 யூரோகூட இல்லை. தூரத்துத் தொகை சுருங்கிவிட்டதால், மீதி இருக்கும் மதிப்பில் அருகில் வரும் வட்டித் தொகைகளின் பங்கு கூடுகிறது. அதனால் பணம் சராசரியாக வந்துசேரும் காலமும் குறைகிறது. ஈல்டு 2.88-க்கு வந்தபோது இந்தப் பத்திரத்தின் டியூரேஷன் 66.8-லிருந்து சுமார் 41-ஆகக் குறைந்திருக்கும். ஈல்டு 0.38-க்கு இறங்கியிருந்தால் அதே டியூரேஷன் 73-ஆக நீண்டிருக்கும்.

இதில் பத்திரம் வைத்திருப்பவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. விலை விழும் திசையில் போகப்போக அடி லேசாகிறது. விலை ஏறும் திசையில் போகப்போக லாபம் பெருகுகிறது. இரண்டு பக்கமும் உண்மை விலை, டியூரேஷன் சொன்ன விலைக்கு மேலேயே இருக்கிறது. தரையில் வைத்த குடத்தை நினைத்துப் பாருங்கள். அடிப்புறம் ஒரு இடத்தில் தரையைத் தொடுகிறது. அங்கிருந்து இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் குடத்தின் சுவர் தரையை விட்டு எழுகிறது. முதலில் மெல்ல, பிறகு வேகமாக. தரைதான் டியூரேஷன் போடும் நேர்கோடு. குடத்தின் சுவர் உண்மை விலை. தொடும் இடத்தை ஒட்டி இரண்டும் ஒன்றாகவே தெரியும். விலகிப் போகும்போதுதான் இடைவெளி புலப்படும்.

அந்த இடைவெளியை அளப்பதுதான் கான்வெக்ஸிட்டி. விலைக்கோடு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்வது. திருத்தப்பட்ட கணக்கு இது. இதில் D டியூரேஷன், C கான்வெக்ஸிட்டி, dy ஈல்டின் மாற்றம்:

```
விலை மாற்றம் = -D × dy + ½ × C × dy²
```

முதல் பகுதி பழைய டியூரேஷன். இரண்டாவது பகுதி திருத்தம். ஈல்டின் மாற்றம் அங்கே வர்க்கமாக இருப்பதைக் கவனியுங்கள். ஏற்றமோ இறக்கமோ, வர்க்கம் எப்போதும் பிளஸ். அதனால்தான் திருத்தம் இரண்டு திசையிலும் விலையைக் கூட்டுகிறது. 0.1 சதவீதம் போன்ற சின்ன மாற்றத்துக்கு வர்க்கம் ஒன்றுமில்லாமல் போகிறது. மாற்றம் பத்து மடங்கானால் திருத்தம் நூறு மடங்காகிறது. தினசரி ஏற்ற இறக்கத்தில் கான்வெக்ஸிட்டியை யாரும் கண்டுகொள்ளாததற்கும், பெரிய வட்டி மாற்றத்தின்போது அது திடீரென்று முக்கியமாகிவிடுவதற்கும் இதுதான் காரணம்.

எக்செல்லில் விலைக்கு PRICE, டியூரேஷனுக்கு MDURATION என்று தயாராகவே ஃபார்முலா உண்டு. கான்வெக்ஸிட்டிக்கு இல்லை. நாமே எடுத்துக்கொள்ளலாம், மூன்று விலைகள் போதும். ஈல்டை 0.1 சதவீதம் குறைத்து 0.78-ல் விலை பார்த்தால் 104.8480. கூட்டி 0.98-ல் பார்த்தால் 91.7371. நடுவில் 98.0104. முதல் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து நடு விலையின் இரண்டு மடங்கைக் கழித்தால் 0.5643 மிஞ்சும். அதை நடு விலையால் வகுத்து, பிறகு 0.001-இன் வர்க்கத்தால் வகுத்தால் 5,750-ஐ ஒட்டி ஒரு எண் வரும். இந்தப் பத்திரத்தின் கான்வெக்ஸிட்டி அதுதான். ஒரு எச்சரிக்கை: கழித்த பிறகு மிஞ்சுவது மிகச் சிறிய எண். அதனால் விலைகளை நான்கு தசம இடங்களுக்காவது வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடங்களில் நிறுத்தினால் விடை 60, 70 புள்ளிகள் தள்ளிப்போகும்.

இப்போது திருத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம். ஈல்டு அரை சதவீதம் ஏறுகிறது. டியூரேஷன் பகுதி மைனஸ் 33.4 சதவீதம். திருத்தம் பிளஸ் 7.2. மொத்தம் 26.2 சதவீத வீழ்ச்சி, விலை 72.3 யூரோ. உண்மை விலை 71.35. டியூரேஷன் மட்டும் சொன்னது 65.3. ஆறு யூரோ தவறு ஒரு யூரோவாகச் சுருங்கிவிட்டது. அரை சதவீதம் இறங்கினால் டியூரேஷன் 130.7 என்கிறது, திருத்தத்தோடு 137.8, உண்மை 139. இங்கேயும் அதே முன்னேற்றம். ஏறியபோது இழப்பது 27 யூரோ, இறங்கியபோது கிடைப்பது 41 யூரோ. சமமான இரண்டு நகர்வுகளுக்கு இத்தனை வித்தியாசம் கொடுப்பது வளைவுதான்.

1 சதவீத ஏற்றத்துக்கு வாருங்கள். மைனஸ் 66.8, பிளஸ் 28.75. விலை 60.7 யூரோ. உண்மை 53.72. டியூரேஷன் மட்டும் 32.5 என்று சொன்னதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை. ஆனால் இப்போது தவறு எதிர்ப்பக்கம் போய்விட்டது. டியூரேஷன் நஷ்டத்தை மிகையாகச் சொன்னது. திருத்தமோ நஷ்டத்தைக் குறைத்துச் சொல்கிறது. ரிஸ்க் பார்ப்பவருக்கு இரண்டில் ஆபத்தானது பின்னதுதான்.

2 சதவீதத்தில் கணக்கு கையை விரித்துவிடுகிறது. மைனஸ் 133.6, பிளஸ் 115. மொத்தம் 18.6 சதவீத வீழ்ச்சி மட்டும். விலை 79.8 யூரோ. உண்மை 33.63. வட்டி 1 சதவீதம் ஏறினால் விலை 60.7 ஆகுமாம், 2 சதவீதம் ஏறினால் 79.8 ஆகுமாம். வட்டி கூடக்கூட விலையும் கூடும் என்று சொல்லும் கணக்கை யார் நம்புவது?

இது எங்கே தொடங்குகிறது என்பதைச் சரியாகவே சொல்லிவிடலாம். டியூரேஷனைக் கான்வெக்ஸிட்டியால் வகுத்தால், 66.8-ஐ 5,750-ஆல், வருவது 1.16 சதவீதம். ஈல்டு அதற்கு மேல் ஏறினால் திருத்தக் கோடு மேலே திரும்பத் தொடங்குகிறது. உண்மை விலை ஒருபோதும் அப்படித் திரும்புவதில்லை. ஈல்டு ஏற ஏற அது இறங்கிக்கொண்டேதான் போகும், மெதுவாகவாவது. பிசகுக்குக் காரணமும் பழைய காரணம்தான், ஒரு படி உள்ளே தள்ளி. டியூரேஷன் மாறாது என்று எண்ணியது முதல் தவறு. அது சீராக மாறிக்கொண்டே போகும், வளைவு மாறாது என்று எண்ணுவது இரண்டாவது தவறு. தூரத்துத் தொகைகள் கரைந்தால் வளைவும் தளர்கிறது. நாமோ பழைய 5,750-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இந்தத் திருத்தம் எதற்கு? சாதாரணப் பத்திரங்களுக்கு இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நம் நாட்டில் மத்திய அரசு முதன்முதலாக 50 வருடப் பத்திரம் வெளியிட்டது 2023 நவம்பரில். 2073-ல் முதிரும் அதன் வட்டி 7.46 சதவீதம். வருடத்துக்கு இரண்டு தவணையாக வரும். 100 ரூபாய் விலையில் அதன் டியூரேஷன் 13.06, கான்வெக்ஸிட்டி சுமார் 317. நூறு வருடத்தில் பாதிக் காலம்தான், ஆனால் டியூரேஷன் ஐந்தில் ஒரு பங்கு, கான்வெக்ஸிட்டி பதினெட்டில் ஒரு பங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3 ரூபாய் 73 காசு கைக்கு வந்துகொண்டே இருப்பதால், 2073-ல் வரும் நூறு ரூபாயின் இன்றைய மதிப்பு இரண்டரை ரூபாய்தான். தூரத்துத் தொகைக்கு இங்கே பெரிய செல்வாக்கு இல்லை.

இந்தப் பத்திரத்தின் ஈல்டு 1 சதவீதம் ஏறி 8.46 ஆனால் டியூரேஷன் சொல்லும் விலை 86.94. திருத்தத்தோடு 88.52. உண்மை 88.37. இறங்கி 6.46 ஆனால் டியூரேஷன் 113.06 என்கிறது, திருத்தம் 114.64 என்கிறது, உண்மை 114.84. ஒரு பிராவிடண்ட் ஃபண்ட் ஒரு கோடி ரூபாய் முகமதிப்புக்கு இதை வைத்திருக்கிறது என்றால், ஈல்டு ஏறும்போது டியூரேஷன் மட்டும் பார்த்துச் சொல்லும் விலையில் ஒரு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரம் ரூபாய் தவறு. திருத்தம் சேர்த்தால் தவறு பதினைந்தாயிரம். ஒற்றைப் பெருக்கலுக்கு இது நல்ல பலன்.

ஒரு பத்திரம் என்றால் எக்செல்லில் முழு விலையையே போட்டுவிடலாம், உண்மைதான். நூற்றுக்கணக்கான பத்திரங்கள் உள்ள காப்பீட்டு நிறுவனமோ வங்கியின் ட்ரெஷரியோ, எல்லாவற்றின் டியூரேஷனையும் கான்வெக்ஸிட்டியையும் அவற்றின் சந்தை மதிப்புக்கு ஏற்பச் சராசரி எடுத்தால் முழுத் தொகுப்புக்கும் இரண்டே எண்கள் கிடைக்கின்றன. அந்த இரண்டை வைத்து வட்டி அரை சதவீதம் ஏறினால், ஒன்று ஏறினால் என்று நொடியில் பார்க்க முடிகிறது. 1952-ல் பிரிட்டிஷ் ஆக்சுவரி ஃபிராங்க் ரெடிங்டன் காட்டியதும் இதையொட்டித்தான். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் பாலிசிதாரர்களுக்குத் தரவேண்டிய தொகைகளின் டியூரேஷனும் அதனிடம் உள்ள பத்திரங்களின் டியூரேஷனும் சமமாக இருந்தால் மட்டும் போதாது, பத்திரங்களின் வளைவு கடனின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்றார். அப்படி இருந்தால் வட்டி கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. ஆனால் எல்லாக் காலத்து வட்டியும் ஒரே அளவு நகரும் என்ற அனுமானம் இதில் இருக்கிறது. பத்து வருட ஈல்டு ஒரு பக்கமும் ஐம்பது வருட ஈல்டு இன்னொரு பக்கமும் போனால் இந்த இரண்டு எண்கள் உதவாது.

இந்தச் சாதகம் சும்மா கிடைப்பதும் இல்லை. வளைவு அதிகம் உள்ள பத்திரம் என்று தெரிந்தால் சந்தை அதற்கு விலையை ஏற்றிவிடும், ஈல்டு குறையும். ஈல்டு பெரிதாக ஆடாத வருடங்களில் அந்தக் குறைந்த ஈல்டுதான் மிச்சம்.

எல்லாப் பத்திரமும் குடத்தைப் போல இரண்டு பக்கமும் எழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக் கடன்களைக் கட்டாகக் கட்டிப் பத்திரமாக விற்கிறார்கள். வட்டி இறங்கினால் வீட்டுக்காரர்கள் பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்கிவிடுவார்கள். பத்திரம் வைத்திருப்பவருக்கு விலை ஏறும் நேரத்தில் அசல் திரும்பி வந்துவிடும். வட்டி ஏறினால் யாரும் முன்கூட்டி அடைக்க மாட்டார்கள், பணம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் டியூரேஷன் நீள்கிறது, இறக்கத்தில் சுருங்குகிறது. எல்லாம் தலைகீழ். இதை மைனஸ் கான்வெக்ஸிட்டி என்பார்கள். 2023 மார்ச்சில் வீழ்ந்த கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி இத்தகைய பத்திரங்களைப் பெருமளவில் வைத்திருந்தது. 2022-ல் வட்டி ஏற ஏற அவற்றின் டியூரேஷனும் நீண்டுகொண்டே போனது. வருட ஆரம்பத்தில் எடுத்த டியூரேஷனை வைத்து நஷ்டத்தைக் கணித்திருந்தால் அது குறைவாகத்தான் வந்திருக்கும். இங்கே திருத்தத்தின் குறி மைனஸ். அதை மறந்து பிளஸ் போட்டால் தவறு இரட்டிப்பாகும்.

நடைமுறையில் அடிக்கடி நடக்கும் பிழை இன்னும் சாதாரணமானது. கான்வெக்ஸிட்டியை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. சில மென்பொருள்கள் நூறால் வகுத்துக் காட்டும். ஆஸ்திரியப் பத்திரத்துக்கு 5,750 என்று வருவதற்குப் பதில் 57.5 என்று இருக்கும். சிலர் அரையை முன்னமே சேர்த்துவிட்டு 2,875 என்பார்கள். இந்தியப் பத்திரங்களைப் போல அரையாண்டு வட்டி வருவதற்கு, ஆறு மாதக் கணக்கில் எடுத்த எண்ணை வருடத்துக்கு மாற்ற நான்கால் வகுக்க வேண்டும். இரண்டால் வகுத்துவிட்டால் 317 இருக்க வேண்டிய இடத்தில் 634 வந்து உட்காரும். எந்த எண் கையில் வந்தாலும் அதை வைத்து ஒரு விலை கணித்து, முழுக் கணக்கில் வரும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறால் வகுத்த எண்ணாக இருந்தால் திருத்தம் 28 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 0.28 சதவீதம் என்று வரும். உடனே தெரிந்துவிடும்.

திருத்தத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு நான் பார்க்கும் அளவு ஒன்று உண்டு. திருத்தம், டியூரேஷன் பகுதியில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பேன். 50 வருட இந்தியப் பத்திரத்தில் 1 சதவீத மாற்றத்துக்கு அது 12 சதவீதம். விடை உண்மையை ஒட்டியே இருந்தது. ஆஸ்திரியப் பத்திரத்தில் அரை சதவீத ஏற்றத்துக்கு 21.5 சதவீதம். ஒரு யூரோ பிசகு, பொறுத்துக்கொள்ளலாம். 1 சதவீதத்துக்கு 43, பிசகு ஏழு யூரோ. 2 சதவீதத்துக்கு 86, விடை பொய். நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் திருத்தத்தைத் தூக்கி வைத்துவிட்டு முழு விலையைக் கணக்கிட வேண்டும் என்பது என் முடிவு. வட்டி எத்தனை சதவீதம் நகர்கிறது என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ஐந்து வருடப் பத்திரத்துக்கு 2 சதவீதம் சின்ன நகர்வு. நூறு வருடப் பத்திரத்துக்கு 1 சதவீதமே பெரியது.

மியூச்சுவல் ஃபண்டில் நீண்ட கால கில்ட் ஃபண்டு வைத்திருப்பவர்களும், ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் நேரடியாக அரசுப் பத்திரம் வாங்குபவர்களும் இப்போது அதிகம். ஃபண்டின் மாத அறிக்கையில் மாடிஃபைடு டியூரேஷன் இருக்கும். கான்வெக்ஸிட்டி பெரும்பாலும் இருக்காது. டியூரேஷன் மூன்று நான்கு என்றால் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பத்துக்கு மேல் இருந்தால் ஃபண்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். நேரடியாகப் பத்திரம் வாங்கியிருந்தால் கேட்கவும் வேண்டாம். உங்கள் பத்திரத்தின் வட்டியையும் வருடத்தையும் அந்த ஒற்றை வரியில் போட்டு, ஈல்டு 1 சதவீதம் ஏறினால் என்ன விலை, 2 சதவீதம் ஏறினால் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரையாண்டு வட்டி என்றால் ஈல்டையும் வட்டியையும் இரண்டால் வகுத்து, தவணைகளை இரட்டிப்பாக்க வேண்டும். 50 வருடப் பத்திரம் 8.46 சதவீத ஈல்டில் இப்படி வரும், விடை 88.37:

```
=PV(0.0846/2, 100, -3.73, -100)
```